மிளகுக்கு ஊர் எது? – பிறப்பிட விதிகளும் சுங்கச் சோதனையும்

இரண்டாமாண்டு வேதியியல் மாணவன் வணிகத்தைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் எளிது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் கொல்லிமலை அடிவாரத்தில் மிளகு, காப்பி மூட்டைகளை ஏற்றி இறக்கும் தொழிலாளி. 2016-ஆம் ஆண்டில் கிலோ 600 ரூபாய்க்கு மேல் விற்ற மிளகு, 2018-இல் 400 ரூபாயை ஒட்டி இறங்கிவிட்டது என்றும், அதற்கு “வெளிநாட்டு மிளகு” காரணம் என்று மண்டியில் பேசிக்கொண்டார்கள் என்றும் அவர் சொல்வதுண்டு. வெளிநாட்டு மிளகுக்கு வரி இல்லையா என்று நான் தேடப் போக, “பிறப்பிட விதிகள்” என்னும் ஒரு துறையே இருப்பதை அறிந்தேன். அறிந்தவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சலுகையும் ஆசையும்

இந்தியாவுக்குள் வரும் மிளகுக்குப் பொதுவான இறக்குமதித் தீர்வை நூற்றுக்கு 70. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பாகிய ஆசியானோடு செய்துகொண்ட ஒப்பந்தம் 2010 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அந்நாடுகளின் மிளகுக்கு இத்தீர்வை படிப்படியாகக் குறைந்து 50 ஆயிற்று. வியட்நாமும் அக்கூட்டமைப்பில் ஒன்று. உலகில் மிகுதியாக மிளகு விளைவிக்கும் நாடும் அதுவே. இலங்கையின் நிலை வேறு. 1998 டிசம்பர் 28-இல் கையெழுத்தாகி 2000 மார்ச்சு 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தின்கீழ், ஆண்டுக்கு 2,500 டன் இலங்கை மிளகு தீர்வையே இல்லாமல் வரலாம்.

இதை ஒரு கணக்காகப் பார்ப்போம். பத்து டன் மிளகு, கிலோ 500 ரூபாய் என்றால் அதன் மதிப்பு 50 இலட்சம். பொதுத் தீர்வையில் அது 35 இலட்சம் கட்ட வேண்டும்; வியட்நாம் மிளகு என்றால் 25 இலட்சம்; இலங்கை மிளகு என்றால் ஒன்றுமில்லை. மூட்டை ஒன்றே, மிளகும் பார்வைக்கு ஒன்றே. “இது எந்த ஊர் மிளகு?” என்ற ஒரு கேள்விக்கான விடையில்தான் 25 இலட்சம் ரூபாய் அடங்கியிருக்கிறது. வியட்நாம் மிளகைக் கொழும்பில் இறக்கி, சாக்கை மாற்றி, இலங்கை மிளகு என்று அனுப்பிவிடலாமே என்னும் ஆசை இங்கேதான் பிறக்கிறது. அந்த ஆசைக்குப் போட்ட வேலியே பிறப்பிட விதி.

முதல் வழி: முற்றிலும் அங்கே விளைந்தது

ஒரு பொருள் ஒரு நாட்டுக்கு உரியது என்று ஏற்க இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, அது முழுக்க முழுக்க அந்நாட்டிலேயே விளைந்ததாக, பிறந்ததாக, தோண்டி எடுத்ததாக இருப்பது. மிளகு இவ்வகை. கொடி அந்த மண்ணில் நின்றிருக்க வேண்டும். காய் அந்த மண்ணில் பறிக்கப்பட்டிருக்க வேண்டும். நம் நாமக்கல் முட்டையும் இவ்வகையே. கோழி இங்கே பிறந்து இங்கே வளர்ந்திருந்தால் அதன் முட்டை இந்திய முட்டை. அது தின்ற தீவனத்தில் ஒரு பகுதி வெளிநாட்டுச் சோயா என்றாலும் முட்டையின் பிறப்பு மாறுவதில்லை.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை விளங்கும். வந்த மிளகை வெயிலில் காயவைப்பது, தூற்றுவது, சல்லடையில் சலித்துத் தரம் பிரிப்பது, புதிய சாக்கில் கட்டுவது ஆகியவை எவ்வளவு உழைப்பைக் கொண்டாலும் ஊரை மாற்றமாட்டா. இவற்றைச் சிறு வேலைகள் என்று ஒப்பந்தங்கள் வெளிப்படையாக ஒதுக்கிவைக்கின்றன. வியட்நாம் மிளகு கொழும்பில் எத்தனை நாள் வெயில் காய்ந்தாலும் வியட்நாம் மிளகுதான்.

இரண்டாம் வழி: அங்கே உருமாறியது

வெளிநாட்டு மூலப்பொருளைக் கொண்டு ஒரு நாடு வேறொரு பொருளைச் செய்தால் என்ன சொல்வது? இதற்கு நம் மாவட்டத்துச் சவ்வரிசியைப் போல் நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

உலகச் சுங்கத்துறைகள் எல்லாப் பொருள்களுக்கும் ஒரே வகையான எண் கொடுத்துள்ளன. முதல் நான்கு இலக்கம் தலைப்பு எனப்படும். மரவள்ளிக் கிழங்கு 0714 என்னும் தலைப்பில் வரும். அதை அரைத்து எடுத்த மாவு, அதாவது ஸ்டார்ச், 1108. அம்மாவை உருட்டி வறுத்த சவ்வரிசி 1903. ஆத்தூரிலும் இராசிபுரத்திலும் ஆலை வாசலில் கிழங்கு வண்டி நுழைவதும் சவ்வரிசி மூட்டை வெளியேறுவதும் நாம் தினம் காணும் காட்சி. அந்த ஒரே காம்பவுண்டுக்குள் பொருள் இரண்டு முறை தலைப்பு மாறிவிடுகிறது.

இலங்கை ஒப்பந்தத்தின் இரண்டாம் வழி இரண்டு நிபந்தனைகளைக் கேட்கிறது. ஒன்று, வெளிநாட்டு மூலப்பொருளின் தலைப்பும் செய்த பொருளின் தலைப்பும் வேறாக இருக்க வேண்டும். மற்றொன்று, கப்பலில் ஏற்றும்போதுள்ள விலையில் மூன்றாம் நாட்டு மூலப்பொருளின் மதிப்பு நூற்றுக்கு 65-ஐத் தாண்டக் கூடாது. அதாவது 35 பங்காவது உள்நாட்டில் சேர்ந்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே நிறைவேற வேண்டும், ஒன்று போதாது. ஆசியான் ஒப்பந்தமும் 35 பங்கையே கேட்கிறது; ஆனால் எண்ணில் ஆறு இலக்க அளவில் மாற்றம் இருந்தால் போதும் என்கிறது.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. கொழும்பில் ஒரு சவ்வரிசி ஆலை இருப்பதாகக் கொள்வோம். அது மூன்றாம் நாடொன்றிலிருந்து ஸ்டார்ச் வாங்குகிறது. ஒரு கிலோ சவ்வரிசிக்குச் செல்லும் ஸ்டார்ச்சின் விலை 36 ரூபாய். கூலி, விறகு, மின்சாரம், இலாபம் எல்லாம் சேர்ந்து 24 ரூபாய். கப்பலேற்றும் விலை 60 ரூபாய்.

36 ÷ 60 × 100 = 60

வெளிநாட்டுப் பங்கு 60, வரம்பு 65. தலைப்பும் 1108-லிருந்து 1903-க்கு மாறிவிட்டது. ஆகவே இச்சவ்வரிசி இலங்கைச் சவ்வரிசி.

ஸ்டார்ச் விலை ஏறி 42 ரூபாய் ஆகிறது, கப்பலேற்றும் விலை அதே 60 என்று வைத்துக்கொள்வோம்.

42 ÷ 60 × 100 = 70

அதே ஆலை, அதே தொழிலாளி, அதே சவ்வரிசி. ஆனால் இப்போது அது இலங்கைப் பொருள் அன்று! தலைப்பு மாற்றம் பொருளின் தன்மையைச் சார்ந்தது. 35 பங்கு நிபந்தனையோ விலையைச் சார்ந்தது. அதனால் நேர்மையான ஆலையும் சந்தை ஏறியிறங்கும்போது தகுதியை இழக்கக்கூடும்.

நேர்மையற்றவர்களுக்கும் வழி இங்கேதான் திறக்கிறது. 42 ரூபாய்க்கு வாங்கிய ஸ்டார்ச்சை 38 என்று பட்டியல் எழுதினால் பங்கு 63-ஆகக் குறைந்து தேறிவிடும். அல்லது ஸ்டார்ச்சை 42 என்றே விட்டுவிட்டு, சவ்வரிசியின் விலையை 65 என்று உயர்த்தி எழுதினாலும் 64.6 ஆகித் தேறிவிடும். பொதுவாக இறக்குமதி செய்பவர் தீர்வையைக் குறைக்க விலையைத் தாழ்த்தித்தான் எழுதுவார். தீர்வையே இல்லாத இடத்தில் விலையை உயர்த்தி எழுதுவதால் அவருக்குத் தீர்வை ஏறப்போவதில்லை. எனவே சலுகைப் பொருளைச் சோதிக்கும் அதிகாரி, விலை தாழ்ந்திருக்கிறதா என்பதோடு உயர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டியவராகிறார்.

வனஸ்பதி சொல்லும் பாடம்

இது வெறும் கற்பனை அன்று. இலங்கை ஒப்பந்தம் வந்த சில ஆண்டுகளில் அங்கே வனஸ்பதி ஆலைகள் பல எழுந்தன. அவற்றில் இந்திய முதலீடும் இருந்தது. மலேசியா போன்ற நாடுகளின் பாமாயில் அங்கே இறங்கும். ஐதரசன் ஏற்றப்பட்டு வனஸ்பதியாகும். தீர்வையின்றி இந்தியா வரும். பாமாயிலின் தலைப்பு 1511. வனஸ்பதியின் தலைப்பு 1516. நிக்கல் வினையூக்கியின் முன்னிலையில் எண்ணெயின் இரட்டைப் பிணைப்புகள் ஐதரசனை ஏற்பது உண்மையான வேதிமாற்றம் என்பதை வேதியியல் மாணவர் எவரும் மறுக்க இயலாது. ஆகவே முதல் நிபந்தனை ஐயமின்றி நிறைவேறியது. வாதம் எல்லாம் 35 பங்கைப் பற்றியும், இந்திய ஆலைகள் பாமாயிலுக்குக் கட்டிய உயர்ந்த தீர்வையைப் பற்றியும் எழுந்தது. இங்குள்ள ஆலை கட்டிய தீர்வையை அங்குள்ள ஆலை கட்டவில்லை என்பதே அதன் இலாபத்தின் ஊற்று.

முடிவில் 2006-இல் ஆண்டுக்கு 2,50,000 டன் என்று அளவுக் கட்டுப்பாடு வந்தது. 2008 ஏப்ரலில் இந்தியா கச்சா சமையல் எண்ணெய்களின் இறக்குமதித் தீர்வையையே நீக்கியது. தீர்வை வேறுபாடு மறைந்ததும் அந்த வாணிகமும் வாடிவிட்டது. ஒரு வாணிகம் மண்ணின் வளத்தால் நடந்ததா, தீர்வை வேறுபாட்டால் நடந்ததா என்பதை அறிய இதைவிடத் தெளிவான சோதனை ஆய்வுக்கூடத்திலும் கிடைக்காது.

அதிகாரி எவ்வாறு சோதிக்கிறார்?

தூத்துக்குடியிலோ சென்னையிலோ ஒரு கண்டெய்னர் வந்து இறங்குகிறது. இறக்குமதியாளர் சலுகை கோருகிறார். அவர் கையில் பிறப்பிடச் சான்றிதழ் இருக்கிறது. இலங்கைப் பொருளுக்குக் கொழும்பிலுள்ள வணிகத் திணைக்களம் அதை வழங்கும். அதிகாரி முதலில் அச்சான்றிதழைப் பார்க்கிறார். எல்லாப் பகுதிகளும் நிரப்பப்பட்டுள்ளனவா, திருத்தம் இருந்தால் வழங்கியவர் அதனை உறுதிப்படுத்தியிருக்கிறாரா, காலாவதியாகிவிட்டதா, கையெழுத்தும் முத்திரையும் முன்பே அனுப்பப்பட்ட மாதிரியோடு ஒத்திருக்கின்றனவா என்பவை அவர் பார்ப்பவை.

அடுத்தது பயணம். பொருள் நேராக வந்திருக்க வேண்டும். வழியில் வேறு துறைமுகத்தில் கப்பல் மாறலாம். ஆனால் அங்கே சந்தைக்குள் நுழைந்திருக்கக் கூடாது. கப்பல் சரக்குச் சீட்டும் கண்டெய்னர் எண்ணும் இதைக் காட்டிக்கொடுக்கும். வியட்நாமில் ஏற்றிய கண்டெய்னர் கொழும்பில் பிரிக்கப்பட்டு, சில நாளில் அதே எடையுள்ள சரக்கு இங்கே புறப்பட்டால் ஐயம் எழுவது இயல்பே.

முன்பெல்லாம் சான்றிதழ் சரியாக இருந்தால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். 2020-இல் இந்நிலை மாறியது. சுங்கச் சட்டத்தில் 28டிஏ என்னும் புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. அதற்கான விதிகள் அவ்வாண்டு செப்டம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. இவற்றைச் சுருக்கமாக “கரோட்டார்” என்கின்றனர். இவற்றின் சாரம் யாதெனில், சான்றிதழைக் காட்டினால் மட்டும் போதாது. பொருள் எவ்வாறு அந்நாட்டுப் பொருளாயிற்று என்பது இறக்குமதியாளருக்கே தெரிந்திருக்க வேண்டும். எந்த மூலப்பொருள், எந்த நாடு, என்ன வேலை நடந்தது, எவ்வளவு பங்கு சேர்ந்தது என்ற விவரங்களை அவர் வைத்திருக்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் காக்கவும் வேண்டும். அதிகாரி கேட்டால் பத்து வேலை நாட்களுக்குள் தர வேண்டும்.

தந்த விடை நிறைவளிக்கவில்லை என்றால், சான்றிதழ் வழங்கிய நாட்டுக்கே கேள்வி போகிறது. அந்நாட்டு அதிகாரிகள் ஆலையின் கணக்கைப் பார்த்து விடை எழுத வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு காலக்கெடு இல்லையெனில் 60 நாள். அதுவரை சலுகை நிறுத்திவைக்கப்படும். தீர்வை வேறுபாட்டுக்கு ஈடு கொடுத்துச் சரக்கை எடுத்துக்கொள்ளலாம். விடை வராவிட்டாலோ, வந்த விடை போதாவிட்டாலோ சலுகை மறுக்கப்படலாம்.

ஆய்வுக்கூடம் உதவாதா?

என் போன்ற மாணவனுக்கு முதலில் எழுந்த கேள்வி இதுதான். ஓரளவு உதவும். இலங்கை மிளகு பொதுவாகப் பைப்பரினும் நறுமண எண்ணெயும் மிகுந்தது என்று பெயர் பெற்றது. ஒரு லிட்டர் படியில் எத்தனை கிராம் மிளகு நிற்கும் என்னும் அளவைக் கொண்டு வியட்நாம் மிளகு 500, 550 என்று தரம் கூறப்படுகிறது. சான்றிதழில் இலங்கை என்றிருந்து, மிளகு வேறுவிதமாக இருந்தால் அதிகாரி ஐயுறலாம். ஆனால் அது ஐயமே, ஆதாரம் அன்று. மழை, கொடியின் வகை, பறித்த பருவம் ஆகியவற்றால் ஒரே ஊர் மிளகிலும் வேறுபாடு உண்டு. ஸ்டார்ச்சும் அப்படியே. நுண்ணோக்கியில் பார்த்தால் மரவள்ளியா, மக்காச்சோளமா என்பது துகளின் வடிவத்தில் தெரிந்துவிடும். அந்த மரவள்ளி சேலத்தில் விளைந்ததா, தாய்லாந்தில் விளைந்ததா என்பதை நுண்ணோக்கி சொல்லாது.

அங்கே கைகொடுப்பது எளிய கணக்கு. பச்சை மிளகு ஏறத்தாழ மூன்று கிலோ காய்ந்தால் ஒரு கிலோ மிளகு. கிழங்கில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் மாவுச்சத்து; நம் ஆலைகளில் கிழங்குக்குப் “பாயிண்ட்” பார்த்து விலை போடுவதும் இதனால்தான். ஓர் ஆலை 100 டன் உள்நாட்டுக் கிழங்கு வாங்கியதாகப் பதிவு இருந்து, 40 டன் ஸ்டார்ச் விற்றதாகச் சான்றிதழ் சொன்னால், 25 டன்தான் வந்திருக்க முடியும். மிச்சம் 15 டன் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். பொருண்மை அழியாது என்று நாம் வகுப்பில் படிக்கும் விதியே சுங்க அதிகாரியின் கையில் ஆயுதமாகிறது. கொள்முதல் சீட்டு, ஆலையின் அரைவைத் திறன், மின்கட்டணம், விற்பனைச் சீட்டு ஆகியவை ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும்.

வேலியின் குறைகள்

இவ்வளவு இருந்தும் விதி எல்லாவற்றையும் தடுத்துவிடுகிறது என்று சொல்வதற்கில்லை. மிளகில், 2017 டிசம்பரில் அரசு வேறொரு வழியை நாடியது. கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த விலையில் மிளகு இறக்குமதி ஆகக் கூடாது என்று குறைந்தபட்ச விலை குறித்தது. எந்த ஊர் என்று நிறுவுவது கடினம். என்ன விலை என்று பார்ப்பது எளிது என்பதே இதன் அடிப்படை. ஆனால் தீர்வையற்ற சரக்குக்கு விலையை உயர்த்தி எழுதுவது எளிது என்பதை மேலே கண்டோம். ஆகவே விலை வேலியும் தனியே நிற்காது. பிறப்பிடச் சோதனை அதற்குத் துணை நிற்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. சோதனை கடுமையானால் நேர்மையான சிறு வணிகரும் சிக்குவார். அயல்நாட்டு ஆலை தன் அடக்கவிலையை யாருக்கும் காட்ட விரும்பாது. ஆனால் இங்குள்ள இறக்குமதியாளர் அதை அறிந்திருக்க வேண்டும் என்கிறது விதி. பெரிய நிறுவனம் ஒப்பந்தம் போட்டுக் கேட்டு வாங்கும். சிறியவர் என்ன செய்வார்? நாம் ஏற்றுமதி செய்யும்போது இதே கேள்வி நம்மை நோக்கித் திரும்பும். நம் சவ்வரிசிக்கும் வெள்ளிக் கொலுசுக்கும் அயல்நாட்டுச் சுங்க அதிகாரி கணக்குக் கேட்பார். கொலுசின் வெள்ளி எங்கிருந்து வந்தது, அதன் விலை எவ்வளவு, பட்டறையில் சேர்ந்த கூலி எவ்வளவு என்று எழுதிவைக்காத பட்டறை, தகுதி இருந்தும் சலுகையை இழக்கும்.

மண்டியில் பேசியது முழு உண்மையா என்று இப்போது என்னைக் கேட்டால், பாதி உண்மை என்பேன். வியட்நாமில் விளைச்சல் பெருகி உலக விலையே அந்த ஆண்டுகளில் சரிந்தது; அதை எந்தச் சுங்கச் சாவடியும் தடுத்திருக்க இயலாது. ஆனால் 70 வீதத் தீர்வை தரும் காப்பு, ஊர் மாறி வந்த ஒவ்வொரு சாக்காலும் ஓட்டையாயிற்று என்பதும் உண்மை. சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்துக் கொல்லிமலையில் மிளகு பறிப்பவருக்குச் சட்டம் கொடுத்த காப்பு, துறைமுகத்தில் ஒருவர் சான்றிதழையும் கண்டெய்னர் எண்ணையும் கொள்முதல் கணக்கையும் ஒத்துப் பார்ப்பதைப் பொறுத்தே நிற்கிறது.